சொல்லுக்கு எண்பது பைசா

மொழியியலிலோ மொழிபெயர்ப்பியலிலோ முதுகலை முடித்துவிட்டு, டெல்லியிலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் அறை எடுத்துத் தங்கி, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பு செய்து பிழைக்க முயலும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே களைத்து இத்தொழிலை விட்டுவிடுகிறார்கள். விலகியவர்களைப் பற்றிப் பேசும்போது பொறுமை, ஒழுங்கு, மன உறுதி ஆகியவை குறைந்துவிட்டதாகச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தக் களைப்பின் பெரும்பகுதி, முதல் வேலைக்கு ஒப்புக்கொண்ட அன்றே கூலிக் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

ஹைதராபாத்தில் வாடகை அறையில் வசிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு நிறுவனம் சொல்லுக்கு 80 பைசா தருவதாகச் சொல்கிறது. கவனமாக மொழிபெயர்த்து, மறுநாள் காலை ஒருமுறை படித்துத் திருத்துவதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு அவரால் 2,000 சொற்கள் முடியும். அப்படியானால் நாளுக்கு 1,600 ரூபாய். மாதத்திற்கு 25 நாட்கள் என்றால் 40,000 ரூபாய். புதியவருக்கு இது தாராளமான வருமானமாகவே தோன்றும். அவரும் ஒப்புக்கொள்கிறார்.

மாதச் சம்பளம் வாங்குபவரின் கணக்கைச் சம்பளமே இல்லாத ஒருவர் போட்டுப் பார்த்ததுதான் இங்கே நேர்ந்த பிழை. கணக்கை ஆண்டின் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். வாடகை, உணவு, ஊருக்கு அனுப்பும் தொகை ஆகியவற்றுக்கு மாதம் 30,000 வீதம் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். கணினித் தேய்மானம், இணையம், மென்பொருள், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு 60,000. வேலை வராத மாதங்களுக்கும் நோய்க்கும் கையிருப்பாக இன்னொரு 60,000. ஆகமொத்தம் 4,80,000 ரூபாய். அடுத்து நாட்கள். 365-இல் வாரத்திற்கு இரண்டு ஓய்வு நாட்களையும், பண்டிகை, காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று மூன்று வாரங்களையும் கழித்தால் ஏறக்குறைய 240 எஞ்சும். அவற்றிலும் முதல் ஆண்டில் பாதி நாட்களுக்குக் கூலி கிடையாது. மாதிரி மொழிபெயர்ப்பு எழுதுதல், மின்னஞ்சல் அனுப்புதல், பில் தயாரித்தல், வராத பணத்தை நினைவூட்டுதல், புதிய துறையின் கலைச்சொற்களைத் தேடிப் படித்தல் ஆகியவையே அந்நாட்களை எடுத்துக்கொள்ளும். கூலி தரும் நாட்கள் 120 என்று கொண்டால், ஆண்டுக்கு 2,40,000 சொற்கள். 4,80,000-ஐ அதனால் வகுத்தால் சொல்லுக்கு 2 ரூபாய்.

80 பைசாவுக்கு அதே தொகையை ஈட்ட அவர் 6,00,000 சொற்களை மொழிபெயர்க்க வேண்டும். அதற்கு 300 நாட்கள். கூலியில்லாத 120 நாட்களையும் சேர்த்தால் 420 நாட்கள் வேண்டும். அத்தனை நாட்கள் எந்த ஆண்டிலும் இல்லை. எனவே ஓய்வு நாட்கள் முதலில் போகும். பிறகு நாளுக்கு 2,000 என்பது 3,500 ஆகும். அந்த வேகத்தில் முதல் பலி மறுநாள் காலைத் திருத்தம்தான். களைப்பின் முதல் அடையாளத்தை உடலில் தேட வேண்டியதில்லை, கோப்பிலேயே அது தெரியும். இரண்டாம் பக்கத்தில் ‘விண்ணப்பதாரர்’ என்றிருப்பவர் ஒன்பதாம் பக்கத்தில் ‘மனுதாரர்’ ஆகிவிடுவார். கோப்பு திருத்தத்திற்குத் திரும்பி வரும். திரும்பி வந்த வேலைக்குக் கூலி இல்லாததால், கணக்கில் கூலியற்ற நாட்கள் மேலும் கூடும். மன உறுதியின்மை என்று பெயர் பெறுவது பெரும்பாலும் இந்தச் சுழல்தான்.

கூலியின் அளவைக் காட்டிலும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: எந்தச் சொல்லுக்குக் கூலி? மொழியியல் படித்தவர்கள் இதை எளிதில் கண்டுகொள்ள வேண்டும். வியப்பாக, அவர்களே தவறவிடுகிறார்கள். தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘வரமுடியாதவர்களுக்கு’ என்பது இடைவெளியை வைத்து எண்ணும் மென்பொருளுக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து சொற்கள் வேண்டும். ‘பள்ளியிலிருந்து’ என்பதற்கு மூன்று. ஆகவே, மூலத்தின் சொற்களை எண்ணுவதும் மொழிபெயர்ப்பின் சொற்களை எண்ணுவதும் ஒன்றல்ல. ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் தமிழில் எழுநூறாகச் சுருங்கும் ஒரு பனுவலில், தமிழ்ச் சொல்லுக்கு 2 ரூபாய் என்று ஒப்புக்கொண்டவர் உண்மையில் பெறுவது ஆங்கிலச் சொல்லுக்கு 1 ரூபாய் 40 பைசா மட்டுமே. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும்போது இழப்பு எதிர்த்திசையில் நேரும். அங்கே மூலச்சொல் எண்ணிக்கைதான் குறைவு. எத்திசையில் சென்றாலும் ஆங்கிலப் பக்கத்தை எண்ணச் சொல்வதே மொழிபெயர்ப்பாளருக்கு நியாயம். நிறுவனத்தின் நடைக் கையேடு ‘செய்து கொண்டிருக்கிறார்’ என்பதைச் சேர்த்து எழுதச் சொன்னால், தமிழ்ச் சொல்லுக்குக் கூலி பெறுபவர் அந்த இடைவெளியோடு ஒரு சொல்லின் கூலியையும் இழக்கிறார். ‘சொல் என்றால் என்ன’ என்ற முதல் பருவத்துக் கேள்விக்கு இவ்வளவு நேரடியான பண மதிப்பு இருப்பதை எந்தப் பாடத்திட்டமும் சொல்வதில்லை.

அடுத்தது வாடிக்கையாளரைத் தேர்தல். புதியவருக்குத் தேர்வுரிமை ஏது என்று கேட்கப்படும். வேலையை மறுக்கும் வலு இல்லாதவரும் வேலை தொடங்குமுன் சிலவற்றை எழுத்தில் கேட்கலாம்: எத்தனை சொற்கள், எந்தப் பக்கத்துச் சொற்கள், என்ன கூலி, எந்த நாளில் பணம், எத்தனை முறை திருத்தம். இவற்றுக்கு ஒரு மின்னஞ்சலில் விடை தருபவர் பெரும்பாலும் பணமும் தருவார். ‘முதலில் தொடங்குங்கள், பிறகு பேசலாம்’ என்பவரின் விடை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. மாதிரிக்காக 250, 300 சொற்களைக் கூலியின்றிக் கேட்பது இத்தொழிலில் உள்ள நடைமுறைதான். 2,000 சொற்களைக் கேட்டால் அது மாதிரியன்று, ஒரு நாள் வேலை.

பணம் தாமதமாவதற்குச் சட்டத்தில் ஒரு தீர்வு உண்டு, அறிந்தவர் குறைவு. மொழிபெயர்ப்பு ஒரு சேவைத் தொழில் என்பதால், தனிநபரும் உத்யம் இணையதளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொண்டு கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணத்தை 45 நாட்களுக்கு மேல் தள்ளிப்போட முடியாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள். தாமதத்திற்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. மேலும், 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த திருத்தத்தால், குறு, சிறு தொழில்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, அதைத் தந்து தீர்க்கும் ஆண்டுவரை, நிறுவனம் தன் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற இயலாது. ஆகவே பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுவைப்பது நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு அமைதியான நினைவூட்டல். பதிவை வேலை தொடங்குமுன்பே செய்திருக்க வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இந்த வழி செல்லாது. உள்நாட்டிலும் வழக்கு வரை போனவருக்கு அந்த நிறுவனம் மீண்டும் வேலை தராது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

‘தொடக்கத்தில் குறைவாக வாங்கி, அனுபவம் சேர்ந்தபின் உயர்த்திக்கொள்ளலாமே’ என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரை. நிறுவனங்களின் பட்டியலில் பெயருக்கு எதிரே ஒருமுறை பதிந்த தொகையை உயர்த்துவது புதிய வாடிக்கையாளரைத் தேடுவதைவிடக் கடினம். குறைத்தே ஆக வேண்டிய நிலையிருந்தால், பில்லில் முழுக்கூலியை எழுதி, முதல் வேலைக்கான தள்ளுபடியை அதன்கீழ்த் தனி வரியாகக் காட்டுவது நல்லது. தள்ளுபடிக்கு முடிவுத் தேதி உண்டு என்பதை இரு தரப்பும் அப்போது அறிந்திருக்கும்.

இரண்டு ரூபாய் கிடைக்காத இடங்கள் மிகுதி என்பதும் உண்மை. மேற்கண்ட எண் ஒருவருடைய செலவிலிருந்து பெறப்பட்டது. வேறொருவருக்கு வேறு எண் வரும். சந்தை அதைத் தராதபோது கணக்கு பொய்யாகிவிடுவதில்லை. இத்தொழில் மட்டும் இந்த ஆண்டு தன்னைக் காப்பாற்றாது என்பதை அது முன்கூட்டியே சொல்கிறது. அதை ஜனவரியில் அறிந்தவர் பகுதிநேர வகுப்போ வேறு பணியோ தேடிக்கொள்வார். அறியாதவர் அக்டோபரில் நோயுற்று அறிவார்.

சந்தை ஏன் தருவதில்லை என்ற கேள்வி பல்கலைக்கழகங்களின் வாசலுக்கே வருகிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அதைப் பெறும் ஆய்வாளர் ஒருவர் மாலை நேரத்தில் 50 பைசாவுக்கு மொழிபெயர்த்தால் அவர் நலிவதில்லை. கிடைத்த வரை மிச்சம். ஆனால் அதே பட்டியலில், அதே துறையில் படித்து உதவித்தொகை கிடைக்காமல் வெளியேறிய தோழியின் கூலி அந்த 50 பைசாவால் தீர்மானிக்கப்படுகிறது. பேராசிரியர் வழியாக வரும் மொழிபெயர்ப்பு வேலைகளிலும் ‘அனுபவம் கிடைக்கும்’ என்ற சொற்றொடர் கூலியின் இடத்தில் நிற்பதுண்டு. அந்த அனுபவத்தை வாடகையாகக் கொடுக்க முடியாது என்பதைச் சொல்லும் நிலையில் மாணவர் இல்லை.

துறைகள் செய்யக்கூடியது பெரிதன்று. மாணவரிடம் வேலையை ஒப்படைக்கும்போது சொல்லெண்ணிக்கை, எண்ணும் பக்கம், கூலி, பணம் தரும் நாள் ஆகிய நான்கையும் ஒரு மின்னஞ்சலில் எழுதிக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்புத் தாளின் ஒரு வகுப்பில், மேலே போட்ட கணக்கை ஒவ்வொரு மாணவரும் தம் செலவை வைத்துப் போட்டுப் பார்க்கச் செய்யலாம். அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால், ஹைதராபாத்து மொழிபெயர்ப்பாளர் 80 பைசாவைக் கேட்ட அன்றே 420 என்ற எண்ணைக் கண்டிருப்பார். ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்பதை அதன்பிறகு அவரே முடிவு செய்திருப்பார்.