விடுகை மலரில் ஒரு வகுப்புப் பக்கம்

தரம் 11 பிள்ளைகளின் விடுகை மலர் வேலை பல பாடசாலைகளில் நடக்கிறது. கவிதை, வாழ்த்துரை எல்லாம் இருந்தாலும் பிள்ளை முதலில் புரட்டுவது தன் முகம் உள்ள பக்கத்தைத்தான். அந்தப் பக்கத்தைக் கடைசி நாளில் அச்சகத்துப் பையனிடம் விட்டுவிடுவது சரியில்லை என்பது என் கருத்து.

40 பேரையும் ஒரே ஏ4 பக்கத்தில் அடைக்க வேண்டாம். இரண்டு பக்கம் எடுங்கள். பக்கத்துக்கு 20 பேர், 4 நிரல், 5 நிரை. ஓரம் விட்டால் ஒருவருக்கு ஏறக்குறைய 41 மி.மீ. அகலம், 48 மி.மீ. உயரம் கிடைக்கும். போட்டோ 24க்கு 32. கீழே பெயருக்கு ஒரு வரி, குறிப்புக்கு இரண்டு வரி வசதியாக வரும்.

முகங்களை ஒரே அளவாக்கும்போது பலர் தலை உச்சியிலிருந்து நாடி வரை அளக்கிறார்கள். எங்கள் பாடசாலைகளில் அது பிழைக்கும். ஸ்காப், தொப்பி உயரத்தையும் சேர்த்து அளப்பதால் அந்தப் பிள்ளைகளின் முகம் மட்டும் சிறுத்துவிடும். கண்ணிலிருந்து நாடி வரை அளந்து அதைச் சமமாக்குங்கள். எல்லோருடைய கண்ணும் ஒரே கோட்டில் நிற்கட்டும்.

அடுத்தது பெயர். வரவு இடாப்பில் உள்ளபடி போட்டால் எம்.என்.எம்., எம்.ஆர்.எப். என்று பாதி வகுப்பும் 'எம்'மில் போய் நிற்கும். 'எம்' முஹம்மத், 'எப்' பாத்திமா என்பது நமக்குத் தெரியும். ஆனால் இருபது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு ஆளை அடையாளம் காட்டுவது கூப்பிடும் பெயர்தான். அதைத் தடித்த எழுத்தில் முன்னால் போட்டு, அதன்படியே அகர வரிசையாக்குங்கள். முதலெழுத்துகள் பின்னால் வரட்டும்.

போட்டோ ஃபைலுக்குப் பெயர் வைக்காமல் பிள்ளையின் சேர்விலக்கத்தை வையுங்கள். ஒரு படம் வராமல் போனால் அதற்குப் பிறகுள்ள முகங்கள் எல்லாம் ஒரு பெட்டி முன்னால் நகர்ந்து, பெயர் மாறி நிற்கும். அச்சுக்கு முன் ஒவ்வொரு நிரையின் கடைசிப் பெட்டியையும் சரி பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

போட்டோ வேண்டாம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அந்தப் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஒரு ரோசாப்பூ போடுகிறார்கள். பூவுக்கு யார் முகம்? அதே 24க்கு 32 அளவில் அந்தப் பிள்ளை தன் கையால் எழுதிய பெயரை ஸ்கேன் பண்ணிப் போடலாம். எந்தப் பெற்றாரும் இதை மறுத்து நான் கண்டதில்லை.

குறிப்பைப் பிள்ளையே எழுதட்டும், எட்டுச் சொல்லுக்குள். "வகுப்பின் தூங்குமூஞ்சி" என்று கூட்டாளிமார் எழுதிக் கொடுப்பதை அப்படியே அச்சேற்ற வேண்டாம். எழுதியவன் மறந்துவிடுவான், அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளையின் வீட்டு அலுமாரியில் இருக்கும்.

உங்கள் பாடசாலையில் எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள் சேர்மாரே, டீச்சர்மாரே.