முறைப்பாடு பெட்டிசம் அன்று

கச்சேரி வாசலில் மேசை போட்டுப் பெட்டிசம் எழுதிக் கொடுத்தவர்களை, ஐம்பதைக் கடந்த நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அரசாங்க அதிபரின் தயவை நாடி, "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று முடியும் நடை அவர்களுடையது. அந்த மேசைகள் போய்விட்டன. நடை மட்டும் மின்னஞ்சலுக்குள் குடிபுகுந்து, காசு கொடுத்துப் பொருள் வாங்கியவனையும் இரப்பவனாக்கிக்கொண்டிருக்கிறது.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகு வைத்திருக்கும் அயலவர் ஒருவர், கொழும்பு விற்பனையாளர் ஒருவரிடம் ஏப்ரல் 9ஆம் திகதி வெளியிணைப்பு இயந்திரமொன்றை வாங்கினார். முதல் 20 மணிநேர ஓட்டத்தின் பின் கியர் எண்ணெயை மாற்றக் கழற்றியபோது, அது பால்போல் வெளுத்திருந்தது. சீல் கசிந்து கடல்நீர் உட்புகுந்ததன் அடையாளம் அது. தொடர்ந்து ஓட்டினால் பற்சில்லுகள் துருவேறிப் போகும். ஆகவே இயந்திரம் கரையேறியது.

மே 4ஆம் திகதி அவர் தமிழில் சொல்ல, கணினிக் கடைப் பையன் ஆங்கிலமாக்கி அனுப்பினான். "பார்த்து ஒரு நல்ல முடிவு தாருங்கள்" என்பது நம்மிடையே கௌரவமான பேச்சு. கேட்பவனும் தாழ்வதில்லை, கொடுப்பவனும் உயர்வதில்லை. பையனின் ஆங்கிலத்திலோ அது 'ஐ பெக் யூ' என்றாகி, கைகூப்பி நின்றது. எதைச் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்ற இரண்டும் அதில் இல்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. 'வீ ரிக்ரெட்' என்று தொடங்கிய வாக்கியத்தைப் பையன் "மன்னிப்புக் கோருகிறோம்" என்று வாசித்துக் காட்டினான். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்து இவர் காத்திருந்தார். வணிகக் கடிதத்தில் அச்சொல் மன்னிப்புமன்று, ஒப்புதலுமன்று. "சிரமத்தையிட்டு வருந்துகிறோம், ஆராய்வோம்" என்பதே அதன் எடை. திகதியில்லாத 'ஆராய்வோம்' வாக்குறுதியாகாது.

ஜூன் 2ஆம் திகதி பொறுமை கெட்டு, "ஏமாற்றிப்போட்டீர்கள்" என்று எழுதுவித்தார். நம் பேச்சில் அது மனம் நொந்தவனின் முறையீடு. 'யூ சீட்டட் மீ' என்று ஆங்கிலத்தில் போனபோது அது மோசடிக் குற்றச்சாட்டாயிற்று. விடயத்தைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டதாக விற்பனையாளர் அறிவித்தார்.

"அண்ணை, மனவருத்தத்தில எழுதினனான், வழக்குப் போடவா எழுதினனான்?" என்று அவர் என்னிடம் வந்தது அதன் பிறகுதான்.

ஜூன் 20ஆம் திகதி நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததன் தமிழ் இது:

"மதிப்புக்குரிய ஐயா, ஏப்ரல் 9ஆம் திகதி தங்களிடம் வாங்கிய இயந்திரத்தின் கியர் எண்ணெயில் 20 மணிநேர ஓட்டத்துக்குள் நீர் கலந்துள்ளது. பற்றுச்சீட்டும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. உத்தரவாதத்தின்படி ஜூலை 4ஆம் திகதிக்கு முன் பழுதைச் செலவின்றித் திருத்தியோ, வேறு இயந்திரத்தை மாற்றியோ தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்."

இதில் 'ஏமாற்றினீர்கள்' என்பதன் 'நீங்கள்' என்ற எழுவாய் நீங்கி, எண்ணெயில் கலந்த நீர் எழுவாயாயிற்று. இரு மொழியிலும் இது பழியைக் குறைக்கும், உண்மையைக் குறைக்காது. ஆங்கிலப் பிரதியில் 'ப்ளீஸ்' ஒருமுறை வந்தது. தமிழில் அதற்குத் 'தயவுசெய்து' தேவைப்படவில்லை. 'தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்ற வினைமுடிபே அந்த மரியாதையைச் சுமந்துவிட்டது. அதையே 'மாற்றித் தரவும்' என்று எழுதியிருந்தால், 'வரிசையில் நிற்கவும்' என்ற அறிவித்தற் பலகையின் குரல் வந்திருக்கும். தமிழின் பணிவு வினையின் வாலில் இருக்கிறது. அதை அறியாதவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ஓரிடத்தில் பிச்சையும் இன்னோரிடத்தில் வசையும் செய்கிறார்கள்.

"கொஞ்சம் தாழ்மை கூடினால் என்ன நட்டம்?" என்பார் உளர். நட்டத்தை எண்ணிக் காட்டலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, அதிகாரசபைக்கான முறைப்பாடு விற்பனையிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும். அயலவரின் தவணை ஜூலை 9ஆம் திகதியோடு முடிவதாயிருந்தது. நான் குறித்த ஜூலை 4ஆம் திகதிக்குப் பின் எஞ்சியவை ஐந்தே நாட்கள். தாழ்மையும் தப்பான 'மன்னிப்பும்' சேர்ந்து தின்றவை ஏழு வாரங்கள்.

ஜூலை 1ஆம் திகதி தொழில்நுட்பவியலாளர் வந்து சீலை மாற்றினார். ஆனால் கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் பருவத்தின் நல்ல பகுதி கரையிலேயே கழிந்துபோயிற்று. அந்த இழப்பை எந்த உத்தரவாதமும் ஈடுசெய்யவில்லை.

மொழிபெயர்க்கும் தம்பிமாருக்குச் சொல்வது இதுதான். பணிவை அந்தந்த மொழியின் வழக்குப்படி மாற்றுங்கள். திகதியையும் கோரிக்கையையும் மாற்றாதீர்கள். வாங்கியவன் மனுதாரன் அல்லன்.