கல்யாண கேசட்டும் குண்டாகிப் போன மாப்பிள்ளையும்

பாண்டிச்சேரியில் 90களில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டில் அநேகமாக ஒரு வி.எச்.எஸ். கேசட் இருக்கும். அதில் கடற்கரை சாலை காந்தி சிலை முன்னால் மாப்பிள்ளையும் பொண்ணும் நிற்கும் ஒரு சீன் நிச்சயம். அதையே இன்று பென் டிரைவில் போட்டு அகல டிவியில் பார்த்தால் மாப்பிள்ளை சட்டென்று குண்டாகிவிடுகிறார்! கூட நிற்கும் தாத்தா இப்போது உயிரோடு இல்லை. அவர் நடந்து பேசும் படம் இது ஒன்றுதான் என்றால், அந்த முகத்தை இழுத்துவைப்பது அநியாயம்.

காரணம் சின்ன கணக்குதான். பழைய படம் 4:3, புது டிவி 16:9. பக்கவாட்டில் இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். இழுக்காமல் டிவியை நிரப்ப வேண்டுமென்றால் மேலும் கீழும் சேர்த்து உயரத்தில் கால் பங்கை வெட்ட வேண்டும். காந்தி சிலை சீனில் வெட்டினால் ஒன்று காந்தியின் தலை போகும், இல்லையென்றால் ஜோடியின் கால் போகும்.

ஆக, படத்தை முழுசாக வைத்து பக்கங்களை நிரப்புவதே சரி. 1920x1080 திரையில் படம் 1440 அகலம் பிடிக்கும். இரண்டு பக்கமும் 240 பிக்ஸல் காலி.

அந்தக் காலியில் என்ன வைப்பது? ஸ்டூடியோக்காரர்களுக்குப் பூ டிசைன் பார்டர் பிடிக்கும். பார்ப்பவர் கண் பூவுக்குத்தான் போகும். அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்கி ஓட்டுவது இன்னொரு வழி. அசையாத படத்துக்கு அது அழகு. கல்யாண வீடியோவில் கேமரா ஆடும், லைட் பளிச்சிடும். பக்கங்களும் சேர்ந்து ஆடிப் பளிச்சிடும். அந்த மங்கலை நன்றாக இருட்டாக்கினால் பரவாயில்லை. ஆனால் வெறும் கறுப்புதான் எல்லாவற்றிலும் நல்லது. இரண்டு நிமிடத்தில் அது இருப்பதே மறந்துபோகும்.

ffmpeg இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif,scale=1440:1080,setsar=1,pad=1920:1080:240:0" -pix_fmt yuv420p -crf 18 kalyanam.mp4
```

bwdif, கை அசையும்போது தெரியும் சீப்புப் பல் கோடுகளை எடுத்துவிடும். pad கறுப்புப் பட்டையைச் சேர்க்கும். 1440 என்று அகலத்தை நாமே சொல்வதற்கும் காரணம் உண்டு. கேசட்டிலிருந்து வரும் ஃபைல் பெரும்பாலும் 720x576. அதன் பிக்ஸல்கள் சதுரம் அல்ல. சதுரம் என்று நினைத்து மாற்றும் சாஃப்ட்வேர் 1350 அகலம்தான் தரும், மாப்பிள்ளை இப்போது ஒல்லியாகிவிடுவார்.

சரியாக வந்ததா என்று பார்க்க, மண்டபத்து சுவர்க் கடிகாரம் நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கேலால் அகலமும் உயரமும் அளந்தால் போதும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தாத்தா தாத்தாவாகவே இருக்கிறார்.

அளவு சரியாக வந்தாலும் ஒரிஜினல் 4:3 ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். பட்டையை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். வெட்டிய தலையை ஒட்ட முடியாது.