அம்மம்மாவுக்கு மட்டும் ஏன் பொய்?

"அம்மம்மாவுக்குச் சொல்லாதே, பயந்துபோவா." எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஒரே செய்தியை ஆளுக்கேற்றபடி சொல்வது வேறு, ஆளுக்கொரு செய்தி சொல்வது வேறு.

லண்டனில் வேலை செய்யும் ஒருத்திக்குப் பித்தப்பையில் கல் என்று வைத்துக்கொள்வோம். 14ஆம் திகதி, வியாழக்கிழமை, பித்தப்பையை எடுக்கிறார்கள்.

மேலாளருக்கு எந்த உறுப்பு என்று தெரியத் தேவையில்லை. "14ஆம் திகதி எனக்கு ஒரு சத்திரசிகிச்சை. எல்லாம் சரியாக நடந்தால் 28ஆம் திகதி திரும்புவேன். என் வேலைகளை யாரிடம் கொடுக்கலாம்?" இவ்வளவு போதும். இங்கிலாந்தில் ஏழு நாளுக்கு மேல் சுகயீன விடுப்பு என்றால் மருத்துவச் சான்று கேட்பார்கள். அதை ஆஸ்பத்திரியிலேயே வாங்கலாம். ஆனால் எங்களில் பலர் மேலாளருக்குத்தான் வயிற்றுநோவின் முழு வரலாற்றையும் எழுதுகிறோம், விடுப்புக்கு மன்னிப்புக் கேட்பதுபோல.

சிநேகிதிக்குப் பயத்தைச் சொல்லலாம், உதவியும் கேட்கலாம். "மயக்க மருந்தை நினைச்சாத்தான் பயமாக்கிடக்கு. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போய் அண்டிரவு என்னோட நிப்பியா?" முழு மயக்கத்துக்குப் பிறகு முதல் 24 மணிநேரம் பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்பார்கள். ஆகவே இந்தக் கேள்வியை மறைத்து வெறும் சிரிப்புப் படம் அனுப்புவதில் பயனில்லை.

இனி யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மா. "கொஞ்சம் சுகமில்லை" என்று மழுப்பினால் அவ பயப்படாமல் இருப்பாவா? மிச்சத்தை அவவே கற்பனை செய்வா. அது பித்தப்பைக் கல்லைவிட மோசமாகத்தான் இருக்கும். ஒப்பரேசன் என்றதும் அவவின் மனதில் வருவது வயிற்றின் குறுக்கே நீளத் தையல். அதைத்தான் முதலில் திருத்தவேண்டும். வாட்ஸப்பில் எழுதிப் போடாமல் அழைத்துச் சொல்லுங்கள், அவ கேள்வி கேட்கட்டும்:

"அம்மம்மா, நான் இப்ப நல்லா இருக்கிறன். சாப்பிட்டாப் பிறகு வயிறு நொந்தது பித்தப்பையில இருக்கிற கல்லாலயாம். வியாழக்கிழமை அந்தப் பையை எடுக்கினம். நாலு சின்னத் துளைதான் போடுவினம். அநேகமா அண்டைக்கே வீட்ட விடுவினம். சில வேளை உள்ளுக்குப் பார்த்திட்டுப் பெரிசா வெட்டவேண்டி வரும், அப்ப சில நாள் மறிப்பினம். முடிஞ்ச உடன அம்மா உங்களுக்கு எடுப்பா."

அந்தச் "சில வேளை"யைத்தான் பெரியவர்கள் வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். அதைச் சொல்லாமல் விட்டு, அன்றிரவு நீங்கள் வீடு திரும்பாவிட்டால், அதன்பின் அம்மா சொல்லும் எதையும் அவ நம்பமாட்டா. இங்கே பின்னேரம் ஐந்து மணி என்றால் அங்கே இரவு ஒன்பது தாண்டியிருக்கும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்காமல் இருப்பா. ஆகவே எத்தனை மணிக்கு அழைப்பு வரும் என்பதையும் யாழ்ப்பாண நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்.