'ஏலும்' என்ற சொல்லை நம்ப வேண்டாம்

கடந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியின் வலைப்பந்தாட்ட இறுதி ஆட்டத்தில் எங்கள் இல்லத்துக்கு நான்தான் தலைவி. மூன்றாவது கால்பகுதியில் பந்தைப் பிடிக்கத் துள்ளிய ஒன்பதாந்தரத் தங்கச்சி ஒருத்தி எதிரணிப் பிள்ளையோடு மோதி மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மயங்கவில்லை, இரத்தமும் இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஒருத்தி கோடாலித் தைலம் கொண்டு வந்தாள். நான் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏலுமா?"

"ஏலும், ராத்தா."

அந்த ஒரு சொல்லை நம்பி அவளை மீண்டும் ஆடவிட்டேன். அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டு தடவை பந்தை எதிரணியிடமே எறிந்தாள். "இது எத்தனையாவது கால்பகுதி ராத்தா?" என்று கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். ஆட்டம் முடிந்ததும் வாந்தி எடுத்தாள். வெயில், காலையில் சாப்பிடவுமில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். இரவு இரண்டாம் முறை வாந்தி எடுத்து, தலைவலி கூடியபோதுதான் அவளுடைய வாப்பா வைத்தியசாலைக்குக் கொண்டு போனார். ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மூன்று வாரம் கரும்பலகையைப் பார்த்தாலே அவளுக்குத் தலை வலித்தது.

இந்தக் கட்டுரை அன்று நான் கேட்ட கேள்வியைப் பற்றியது. அது பிழையான கேள்வி. கேட்கக்கூடாத ஆளிடம் கேட்ட கேள்வியும்கூட.

மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தலை திடீரென அசைந்து நிற்கும்போது மூளையும் உள்ளே குலுங்குகிறது. அதன் கலங்களின் வேலை சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ குழம்புகிறது. இதைத்தான் மூளை அதிர்வு என்கிறோம். இதற்கு மண்டை உடைய வேண்டியதில்லை. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. முதுகிலோ தோளிலோ பட்ட பலத்த மோதல் தலையை உலுக்கினாலும் போதும். பெரும்பாலானோர் மயங்குவதுமில்லை. 'மயங்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை' என்று நாங்கள் அன்று எடுத்த முடிவுக்கு எந்த அடிப்படையும் இல்லை.

நம் நாட்டு அணியே இதற்கு ஒரு பாடம். 2019 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் நடந்த டெஸ்ட் போட்டியில் பாட் கம்மின்ஸ் வீசிய பந்து திமுத் கருணாரத்னவின் பிடரிப் பக்கம் பட்டது. அவர் சரிந்து விழுந்தார். கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனார்கள். பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். வைத்தியர்கள் பரிசோதித்து அனுப்பிவைத்தார்கள். மறுநாள் அவர் மீண்டும் துடுப்பெடுத்தாடினார். அதே ஆட்டத்தில் ஜை ரிச்சட்சனின் பந்து குசல் பெரேராவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் விழவில்லை. தொடர்ந்து ஆடினார். சற்று நேரத்தில் தலைசுற்றலோடு களத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. விழுந்த விதத்தைப் பார்த்து உள்ளே நடந்ததைச் சொல்ல முடியாது என்பதற்கு ஒரே ஆட்டத்தில் இரண்டு சாட்சிகள்.

அதே வருடம் ஆகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்குக் கழுத்தில் பந்து பட்டது. அணி வைத்தியரின் சோதனைகளில் தேறித்தான் அவர் மறுபடி ஆட வந்தார். மறுநாள் காலை தலைவலியோடும் மந்தத்தோடும் எழுந்தார். வைத்தியர் பக்கத்தில் இருந்த ஒரு தேசிய வீரருக்கே அறிகுறி ஒரு நாள் பிந்தி வருகிறது என்றால், மைதான ஓரத்தில் கோடாலித் தைலத்தோடு நின்ற நாங்கள் இரண்டு நிமிடத்தில் எதைக் கண்டுபிடித்திருப்போம்?

ஆகவே பார்க்க வேண்டியது வேறு. விழுந்தவள் அசையாமல் கிடந்தாளா, எழும்பத் தாமதித்தாளா, எழுந்தபின் தள்ளாடினாளா, பார்வை வெறித்திருக்கிறதா, தன் இடம் மறந்து நிற்கிறாளா, காரணமில்லாமல் அழுகிறாளா, வழமைக்கு மாறாகக் கோபப்படுகிறாளா என்று பார்க்க வேண்டும். பிறகு 'ஏலுமா' என்று கேட்காமல், விடை நமக்குத் தெரிந்த கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்போது எந்த மைதானத்தில் நிற்கிறோம்? இது எத்தனையாவது கால்பகுதி? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டத்தில் யாரோடு மோதினோம், வென்றோமா? ஒன்றுக்கு விடை பிழைத்தாலும் அவள் வெளியே வரவேண்டும். என் தங்கச்சி இந்தக் கேள்வியைத் தானாகவே என்னிடம் கேட்டாள், எனக்குத்தான் விளங்கவில்லை. ஆனால் எல்லா விடையும் சரி என்பதற்காக அவள் சுகமாக இருக்கிறாள் என்றும் ஆகாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மங்கலான பார்வை, வெளிச்சமோ சத்தமோ பொறுக்காமை என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைய ஆட்டம் அவளுக்கு முடிந்தது.

எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இன்னொரு விடயம். ஸ்காஃபுக்குள் வீக்கமும் வெட்டுக் காயமும் தெரியாது. ஒரு டீச்சர் மறைவான இடத்துக்குக் கூட்டிப்போய், ஊசிகளைக் கழற்றி, பின்மண்டையையும் காதுகளையும் பார்க்க வேண்டும். காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தால் அது சாதாரண அடியல்ல.

இனி, யார் முடிவெடுப்பது? அடிபட்டவளிடம் கேட்பதில் நியாயம் இல்லை. முடிவெடுக்கும் உறுப்புத்தான் அவளுக்கு அடிபட்டிருக்கிறது. தலைவியிடமும் கேட்கக்கூடாது. எனக்கு அன்று அந்தப் பிள்ளை தேவைப்பட்டாள். நாங்கள் ஒரு புள்ளி பின்னால் நின்றோம். பயிற்றுவிப்பவருக்கும் அதே ஆசை இருக்கும். எனவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும், எந்த இல்லத்தையும் சேராத ஒரு டீச்சரை இதற்கென்றே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. அவர் 'வெளியே' என்றால் வெளியேதான். அன்றைக்குத் திரும்பி வருவது என்ற பேச்சே இருக்கக்கூடாது.

இது மிகைப்பட்ட கண்டிப்பு என்று நினைப்பவர்களுக்கு ரோவன் ஸ்டிரிங்கரின் கதையைச் சொல்கிறேன். கனடாவின் ஒட்டாவா நகரில் தன் பாடசாலை ரக்பி அணியின் தலைவி, வயது 17. 2013 மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் அவளுக்குத் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டது. மூளை அதிர்வாக இருக்குமோ என்று சிநேகிதிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். இணையத்திலும் தேடிப் பார்த்திருந்தாள். வீட்டாரிடமோ பயிற்றுவிப்பாளரிடமோ சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் போனாள். மறுபடி அடிபட்டு மைதானத்திலேயே விழுந்தவள் நான்கு நாளில் மரணமானாள். முதல் அடியிலிருந்து ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால், சிலருக்கு மூளை வேகமாக வீங்கிவிடும். இது அரிது, ஆனால் நடப்பது பெரும்பாலும் எங்கள் வயதுக்காரருக்குத்தான். அவளுடைய பெயரால் ஒன்ராறியோ மாகாணம் 2018இல் ஒரு சட்டம் இயற்றியது. மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அவள் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தபோது, எங்கள் தங்கச்சி ஏன் வீட்டில் உடனே சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. பிறகு அவளே என்னிடம் சொன்னாள்: "சொன்னா வாப்பா இனி விளையாடவே விடமாட்டார்." பெற்றோரே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவதே எங்கள் ஊர்களில் எத்தனையோ பேரின் சம்மதத்தைத் தாண்டித்தான். தலையில் அடிபட்டால் விளையாட்டே நின்றுபோகும் என்று தெரிந்த பிள்ளை வலியை ஒளிப்பாள். 'சுகமாகும் வரை வேண்டாம், பிறகு போகலாம்' என்று நீங்கள் சொன்னால் அவள் உங்களிடம் வந்து சொல்லுவாள்.

எப்போது உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்? மயங்கினாலும், வலிப்பு வந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வாந்தி எடுத்தாலும், தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலும் போக வேண்டும். எல்லாம் இரண்டாகத் தெரிவது, கை கால் விறைப்பது, பேச்சுக் குழறுவது, நித்திரையிலிருந்து எழுப்ப முடியாமல் இருப்பது, குழப்பம் கூடுவது ஆகியவையும் அப்படியே. இவை உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அப்படிக் கசியும்போது பிள்ளை முதலில் நன்றாகக் கதைத்து, சில மணித்தியாலம் கழித்துத்தான் மோசமாவதும் உண்டு. கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கவோ உட்காரவைக்கவோ வேண்டாம். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முச்சக்கரவண்டியில் மடக்கி ஏற்றுவது எங்கள் பழக்கம்; கழுத்தில் அடிபட்டவருக்கு அது ஆபத்து.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், மூளை அதிர்வு என்ற சந்தேகம் இருந்தால் வைத்தியர் ஒருவர் பார்க்கத்தான் வேண்டும். முதல் நாள் அவளைத் தனியே விடக்கூடாது. வலி தெரியாமல் ஆடுவதற்காகப் பனடோல் கொடுப்பது அறிகுறியை மூடிவைப்பதாகும். அஸ்பிரின் கூடவே கூடாது. அது இரத்தக் கசிவைக் கூட்டும். ஸ்கேன் சுத்தமாக வந்தால் கசிவு இல்லை என்றுதான் பொருள். அதிர்வு இல்லை என்று பொருளல்ல. அது பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது.

முதல் இரண்டு நாள் ஓய்வு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பு, வகுப்பு. பாடம் படிக்கத் தலை வலிக்காத நிலை வந்தபின்தான் மைதானம். அதிலும் முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு மோதல் இல்லாத பயிற்சி. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் முன்படிக்கு இறங்க வேண்டும். வைத்தியர் சம்மதித்த பின்தான் ஆட்டம். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். அந்த நாட்களில் தவணைப் பரீட்சை வந்தால் ஆசிரியர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத காயம் என்பதால் 'சோம்பல்' என்று சொல்லிவிடுவது எளிது.

அந்தத் தங்கச்சி இந்த வருடமும் ஆடுகிறாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கதானே ராத்தா கேட்டீங்க, நான்தானே ஏலும் என்டு சொன்னன்" என்று சிரித்தாள். அவள் அப்படித்தான் சொல்லுவாள் என்று தலைவியாகிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.