எந்தச் சுப்பையா?

எங்கள் அப்பா வழிச் சொந்தத்தில் நான்கு சுப்பையாக்கள். கோவில்பட்டி பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயரை விடுவது வழக்கம் என்பதால், தாத்தாவின் நான்கு பிள்ளைகள் வீட்டிலும் ஆளுக்கொரு சுப்பையா உண்டு. ஊர்ப் பெயரையோ வேலையையோ முன்னால் சேர்த்துத்தான் கூப்பிடுவோம்: போஸ்ட் மாஸ்டர் சுப்பையா, விருதுநகர் சுப்பையா, மில் சுப்பையா, சின்ன சுப்பையா.

இவர்களில் மூத்தவரான போஸ்ட் மாஸ்டர் அண்ணன் இறந்த இரவில், குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மருமகன் போட்ட செய்தி இதுதான்: “சுப்பையா மாமா தவறிட்டாங்க. காலைல வீட்டுக்கு வந்துருவாங்க.” மருமகனின் நம்பரைப் பலர் தங்கள் போனில் பதிந்து வைத்திருக்கவில்லை. எழுதியவர் யார் என்றே தெரியாதபோது, அவருக்கு மாமா யார் என்று எப்படித் தெரியும்? விடிவதற்குள் விருதுநகர் வீட்டுக்குப் போன் போய்விட்டது. எடுத்தது மதினி. “மதினி, எப்படி ஆச்சு? நேத்துக்கூட நல்லாத்தானே பேசினாக!” என்று எதிர்முனையில் ஒரே அழுகை. விருதுநகர் அண்ணன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மதினி அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாராம். மதினிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு.

அந்த மருமகனைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, மனைவியையும் தேற்றிக்கொண்டு, இரண்டு வரி தட்டியதே பெரிய காரியம். ஆனால் அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது. அதனால்தான் இதைப் பற்றி இப்போதே பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

துக்கச் செய்தி போட்ட குழுவோடு நிற்காது. அங்கிருந்து சம்பந்தி வீட்டுக் குழுவுக்குப் போகும், பிறகு தெருக்காரர்களுக்கு, கூட வேலை பார்த்தவர்களுக்கு. அப்படி ஃபார்வர்டு ஆகும்போது முதலில் அனுப்பியவரின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. “என் மாமா”, “எங்கப்பா”, “வீட்டுக்கு”, “காலைல” போன்ற சொற்களெல்லாம் சொல்பவர் யார், எங்கே, எந்த நாளில் சொல்கிறார் என்று தெரிந்தால்தான் பொருள் தரும். அனுப்பியவரைத் தெரியாத ஒருவர் மறுநாள் படித்தாலும் புரிகிற மாதிரி செய்தி இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் ஆள் யார் என்பது. பெயரும் வயதும் போதாது. யாழ்ப்பாணத் தமிழர்களின் மரண அறிவித்தல்களைப் பார்த்திருப்பீர்கள். இலங்கை வானொலியிலும் வாசிப்பார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று நீளும். இறந்துபோன உறவினர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று மறக்காமல் சேர்ப்பார்கள். கேட்கும்போது நீளமாகத் தோன்றலாம். ஆனால் ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சிதறிய சொந்தத்தில், ஏதாவது ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நம் பள்ளிவாசல்களில் செய்யும் அறிவிப்பும் இதே மாதிரிதான், ஆனால் சுருக்கம்: இன்னாருடைய தகப்பனாரும் இன்னாருடைய மாமனாருமான இன்னார் வஃபாத்தாகிவிட்டார்கள், ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பின் இன்ன பள்ளிவாசலில் நல்லடக்கம் செய்யப்படும். இரண்டு வரியில் யார், எப்போது, எங்கே என்ற மூன்றும் வந்துவிடுகின்றன. நாமும் பெற்றோரில் ஒருவர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று சொல்லி, ஊரார் கூப்பிடும் பெயரையும் சேர்த்துவிட்டால் எந்தச் சுப்பையா என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

அடுத்தது, உடல் இப்போது எங்கே இருக்கிறது, எங்கே கொண்டுபோகப்படுகிறது என்பது. அண்ணன் இறந்தது மதுரை ஆஸ்பத்திரியில், வீடு கோவில்பட்டியில். இடையில் நூறு கிலோமீட்டர். செய்தியில் ஊரே இல்லாததால், மதுரையில் இருந்த சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதற்குள் ஆம்புலன்ஸ் திருமங்கலம் தாண்டிவிட்டது. “உடல் காலை 6 மணிக்குக் கோவில்பட்டி வீட்டுக்கு வந்துசேரும், ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம்” என்ற ஒரு வரி இருந்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

நேரம் எழுதும்போது தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுத வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு நடந்ததையும் நாம் ‘செவ்வாய் இரவு’ என்றுதான் சொல்வோம். போனோ அதைப் புதன் என்று காட்டும். “நாளைக்கு எடுக்கிறோம்” என்று பின்னிரவு ஒன்றரை மணிக்குப் போட்டால் பாதிப் பேர் புதன் என்றும் மீதிப் பேர் வியாழன் என்றும் எடுத்துக்கொள்வார்கள். பதினாறாம் நாளை எண்ணும்போதும் இதே குழப்பம் வரும். ‘15-ஆம் தேதி புதன்கிழமை’ என்று எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் ‘இந்திய நேரப்படி’ என்பதும் வேண்டும்.

ஆனால் எடுக்கும் நேரத்தை முதல் செய்தியிலேயே போட அவசரப்படக் கூடாது. வெளியூர்ப் பிள்ளை எப்போது வந்துசேர்வான், மின்மயானத்தில் எத்தனை மணி கிடைக்கும், பொழுது சாய்வதற்குள் முடியுமா என்ற மூன்றும் முடிவாக வேண்டும். விபத்து போன்ற சாவாக இருந்தால் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் கைக்கு வரும்வரை எந்த நேரத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். குழுவிலிருந்து அழித்தாலும், அதற்குள் ஃபார்வர்டு ஆனவை அழியாது. பழைய நேரம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். “எடுக்கும் நேரம் காலை 8 மணிக்குத் தெரிவிக்கிறோம்” என்று எழுதுவதே நல்லது. எப்போது தெரியும் என்று சொல்லிவிட்டால் ஆளாளுக்குப் போன் பண்ணிக் கேட்பதும் குறையும்.

எங்கள் பக்கம் இன்னொரு நேரமும் முக்கியம். எடுப்பதற்கு முன்னால் நீர்மாலை எடுத்துவருவார்கள். கோடி போட வேண்டியவர்கள் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு எடுப்பு என்று மட்டும் போட்டால் அவர்கள் இரண்டரைக்கு வந்து இறங்குவார்கள், எல்லாம் முடிந்திருக்கும். பிறந்த வீட்டுக் கோடி வராமல் போய்விட்டது என்ற வருத்தம் லேசில் ஆறாது. ஆகவே நீர்மாலை நேரம், எடுக்கும் நேரம் இரண்டையும் போடுங்கள்.

இடத்தைக் காட்ட லொக்கேஷன் அனுப்பும்போது ஒரு கவனம் வேண்டும். வீட்டின் இருப்பிடத்தைப் புள்ளியாக அனுப்புவது வேறு, ‘லைவ் லொக்கேஷன்’ வேறு. லைவ் என்பது அனுப்பியவரின் போன் போகிற இடமெல்லாம் கூடவே போகும். அதிகபட்சம் 8 மணி நேரத்தில் நின்றும்விடும். அனுப்பியவர் ஐஸ் பெட்டி பார்க்கவோ மாலை வாங்கவோ கிளம்பினால், வருகிறவர்களின் கார் அவர் பின்னாலேயே போகும். புள்ளியை அனுப்பிவிட்டு, தெருப் பெயரும் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடையாளமும் எழுத்தில் இருக்கட்டும். வயதானவர்கள் ஆட்டோக்காரரிடம் எழுத்தைத்தான் காட்டுவார்கள்.

தொடர்புக்கு ஒரு நம்பர், கூடவே மாற்றாக இன்னொன்று. கொள்ளி வைக்கப் போகும் மகனின் நம்பராக அது இருக்கக் கூடாது. பங்காளியோ மச்சினனோ, நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர் போதும்.

இனி, என்ன வேண்டாம் என்பது. ‘உடல்நலக் குறைவால்’ என்பதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. தற்கொலையாக இருந்தால் அதுவும் வேண்டாம். இறந்த செய்தி மட்டும் போதும். ஐசியூவில் எடுத்த படமும், உடலைக் கிடத்தியிருக்கும் படமும் கூடவே கூடாது. அது எந்தக் குழந்தையின் கைப்போனில் போய்த் திறக்கும் என்று நமக்குத் தெரியாது. நல்ல நாளில் எடுத்த ஒரு படம் போதும். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிற வீட்டில் ஆளைத் தெரிந்துகொள்ளவும் அது உதவும்.

இத்தனையும் தயாரானாலும் உடனே குழுவில் போட்டுவிடக் கூடாது. முன்பு இழவு சொல்ல ஆள் அனுப்புவார்கள். அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொல்லுவார். இப்போதும் கூடப் பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள், பிறந்த வீட்டார் ஆகியோருக்குக் குரலில்தான் சொல்ல வேண்டும். வயதான அத்தைக்கு நேராகச் சொல்லாமல், அவர் பக்கத்தில் இருக்கும் மருமகளிடம் சொல்லுங்கள். அண்ணனின் மூத்த மகள் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அப்பா கவலைக்கிடம் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் யாரோ ஒருவர் இருக்க, குழுவில்தான் அவள் படித்தாள். குரலில் சொல்ல வேண்டியவர்களில் கடைசி ஆளுக்கும் சொல்லி முடித்த பிறகுதான் செய்தி வெளியே போக வேண்டும். அரை மணி நேரம் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது.

அன்று போயிருக்க வேண்டிய செய்தியை நான் இப்படி எழுதுவேன். ஊர் உண்மை; பெயர்கள் மாற்றியவை:

“துக்கச் செய்தி. கோவில்பட்டி, ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் சுப்பையா (71) அவர்கள், 15-ஆம் தேதி புதன்கிழமை அதிகாலை 1.30 மணிக்கு மதுரையில் உடல்நலக் குறைவால் காலமானார். இவர் காலஞ்சென்ற ஆறுமுகத்தின் மகன், ராஜம்மாளின் கணவர், சென்னை செல்வி, சிங்கப்பூர் சங்கர், மதுரை மாலா ஆகியோரின் தகப்பனார். உடல் புதன் காலை 6 மணிக்குக் கோவில்பட்டி வீட்டுக்கு வரும். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். சங்கர் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டியிருப்பதால், நீர்மாலை, எடுக்கும் நேரங்களைப் புதன் காலை 8 மணிக்குத் தெரிவிக்கிறோம். விவரங்களுக்கு:” என்று முகவரி, அடையாளம், இரண்டு பேரின் பெயரும் நம்பரும்.

இது போன சில நிமிடங்களில் ‘ஓம் சாந்தி’யும் கைகூப்பிய படங்களும் வந்து குவிந்து செய்தியை மேலே தள்ளிவிடும். அட்மின் அதைப் பின் பண்ணி வைக்க வேண்டும்; 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும், 7 நாள் வைத்தால் சரி. எட்டு மணிக்கு நேரம் முடிவானதும், பழைய செய்தியையே நீட்டாமல், பெயரோடு தொடங்கும் புதுச் செய்தி போட்டு அதையும் பின் பண்ணலாம். விமானம் தாமதமாகி நேரம் மாறினால் முதல் சொல்லே ‘நேர மாற்றம்’ என்றிருக்கட்டும். பழைய நேரம், புது நேரம் இரண்டும் அதில் இருக்கட்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதே முறைதான்: மறுபடியும் முழுப் பெயர், ஊர், உறவு, தேதி, கிழமை. காரியம் வீட்டிலா மண்டபத்திலா, சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதையும் அப்போது சேர்த்துவிடலாம்.