தராசு காட்டாத கணக்கு

எடையைக் குறைக்க நினைக்கும் என் வகுப்பு நண்பர்கள் பலர் கைப்பேசியில் கலோரி எண்ணுகிறார்கள். ரொட்டி சானாய், தே தாரேக்கில் கலந்த சீனி எல்லாம் கணக்கில் ஏறிவிடும். இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுவது மட்டும் ஏறுவதில்லை. அதுதான் மற்ற கணக்கையெல்லாம் கெடுக்கிறது என்பேன்.

சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எடை மிகுந்த 10 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, அளவு குறைத்த உணவைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சுற்று, சுற்றுக்கு 14 நாள். ஒரு சுற்றில் இரவில் எட்டரை மணி நேரம் படுக்கை. மற்றதில் ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் சுமார் 3 கிலோ குறைந்தது. தராசை மட்டும் பார்த்தால் தூக்கத்துக்கு வேலையே இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால், குறைந்தது எது? நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ கொழுப்பு போனது. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். மீதி எடை தசை, நீர் போன்ற கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போனது. பட்டினி ஒன்றுதான், பலன் பாதிகூட இல்லை. பசியும் கூடியது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் உயர்ந்திருந்தது.

கிரெலின் இரைப்பையில் சுரப்பது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் கொழுப்புச் செல்களிலிருந்து வருவது. அதே பல்கலைக்கழகத்தின் 2004 ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் படுத்ததில் லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது, கிரெலின் 28 விழுக்காடு ஏறியது. இனிப்பும் மாவுப் பண்டமும்தான் அவர்களை அதிகம் ஈர்த்தன. இவை சிறிய ஆய்வுகள். பின்வந்த எல்லா ஆய்வுகளிலும் லெப்டின் இப்படி இறங்கவில்லை. ஹார்மோன் மட்டுமே காரணம் என்று நானும் சொல்லமாட்டேன். விழித்திருக்கும் நேரம் நீண்டால் சாப்பிடும் நேரமும் நீள்கிறது. ஈப்போவில் நள்ளிரவு தாண்டியும் மாமாக் கடை திறந்திருக்கிறதே!

என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்பதால் எட்டரை மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்களாம். நாமும் பேருந்துக்காக விடியுமுன் எழுகிறோம், விளக்கை மட்டும் அணைப்பதில்லை.

சரி, தூக்கத்தைக் கூட்டினால் பலன் உண்டா? 2022இல் வெளியான ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய, எடை மிகுந்த 80 பேர் கலந்துகொண்டார்கள். தூக்கத்தைக் கூட்ட ஆலோசனை பெற்றவர்கள் வீட்டிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். உணவைக் குறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆனாலும், மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் உட்கொண்டது நாளுக்கு சுமார் 270 கலோரி குறைந்தது; கிட்டத்தட்ட ஒரு ரொட்டி சானாய். இரவு வேலை பார்த்துப் படிப்பவர்களுக்கு இது எளிதல்ல. மற்றவர்கள் உணவைக் குறைப்பதற்கு முன்பு, இரண்டு வாரம் படுக்கும் நேரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளிவிட்டு, இரவுப் பசி எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம்.